பட்டன் போன் எண் குறியீட்டை எழுத்தாக்குவது எப்படி?

நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு வரியைப் போட்டுவிட்டு அமைதியாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்:

```
66 2 2 555 2 444 0 888 2 2
```

பட்டன் போனில் மெசேஜ் அடித்துப் பழகியவர்களுக்கு இதைப் பார்த்ததும் கட்டைவிரல் தானாகவே அசையும். தொடுதிரையில் தொடங்கியவர்களுக்கு இது வெறும் எண்கள்தான். இந்த ஒரே வரியை வைத்துக்கொண்டே முழு வேலையையும் பார்த்துவிடலாம்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து எஸ்எம்எஸ்ஸில் இந்த எண்கள் எதுவும் அனுப்பப்படவில்லை. நீங்கள் அழுத்திய பட்டனை உங்கள் போனே எழுத்தாக மாற்றி, எழுத்தைத்தான் அனுப்பியது. எண்களை அப்படியே எழுதி அனுப்புவது பிறகு வந்த விளையாட்டு. விரல் செய்த வேலையைத் தாளில் எழுதுவது போன்றது அது. அதனால் விரல் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் போதும்.

முதல் படி: பட்டனில் என்ன இருந்தது

```
2 ABC    3 DEF    4 GHI
5 JKL    6 MNO    7 PQRS
8 TUV    9 WXYZ   0 இடைவெளி
```

2-ஐ ஒருமுறை அழுத்தினால் A, இருமுறை அழுத்தினால் B, மூன்று முறை அழுத்தினால் C. மற்ற பட்டன்களும் இப்படியே. 7-லும் 9-லும் மட்டும் நான்கு எழுத்துகள் இருப்பதால் S வேண்டுமென்றால் 7777, Z வேண்டுமென்றால் 9999. இந்த இரண்டையும் மறந்துவிட்டுத்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1-இல் புள்ளி, கமா போன்ற குறிகள் இருக்கும்; அவற்றின் வரிசை போனுக்குப் போன் மாறும். நோக்கியாவில் சொற்களுக்கு நடுவே 0. வேறு சில போன்களில் அந்த வேலையை # செய்தது. வந்திருக்கும் வரியில் 0 இல்லாமல் # இருந்தால் அதைச் சொல் இடைவெளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கொத்துக் கொத்தாகப் படியுங்கள்

மேலே உள்ள வரியில் ஒவ்வொரு எழுத்தும் தனிக் கொத்தாக இருக்கிறது. 66 என்றால் ஆறாம் பட்டனில் இரண்டாவது எழுத்து, N. அடுத்து 2, A. மறுபடி 2, மறுபடி A. 555 என்பது L, 2 என்பது A, 444 என்பது I. பிறகு 0, சொல் முடிந்தது. 888 என்பது V, 2, 2. மொத்தம்: NAALAI VAA. நாளை வா.

கொத்தில் 2222 என்று வந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டாம் பட்டனில் நான்காவது எழுத்து கிடையாது. பல போன்களில் நான்காவது அழுத்தலுக்கு ‘2’ என்ற எண்ணே வரும். ஆகவே, அனுப்பியவர் எண்ணை நினைத்திருக்கலாம், அல்லது தட்டச்சில் ஒன்று கூடிப்போயிருக்கலாம்.

மூன்றாம் படி: இடைவெளி என்பது விரலின் காத்திருப்பு

இங்கேதான் தொடங்குபவர்கள் குழம்புவார்கள். அதே செய்தி இப்படியும் வரலாம்:

```
662 2555244408882 2
```

இதைச் சொற்களாகப் பிரித்துவிடாதீர்கள். போனில் N அடித்துவிட்டு A அடிக்க எதற்கும் காத்திருக்க வேண்டாம். பட்டன் மாறியதுமே முந்தைய எழுத்து உறுதியாகிவிடும். ஆனால் A-க்குப் பின் இன்னொரு A வேண்டுமென்றால் ஓரிரு நொடி விரலைத் தூக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் உடனே அழுத்தினால் A மறைந்து B வந்து நிற்கும். அந்தக் காத்திருப்பைத்தான் இங்கே இடைவெளியாக எழுதியிருக்கிறார்கள். சொல் இடைவெளி 0 மட்டும்தான்.

எனவே எண் மாறும் இடத்தில் வெட்டுங்கள், இடைவெளி வந்தாலும் வெட்டுங்கள். 66, 2, 2, 555, 2, 444, 0, 888, 2, 2. பழைய வரியே திரும்பக் கிடைக்கிறது. காத்திருப்பைச் சரியாகக் குறித்திருந்தால் இந்த வடிவத்துக்கு ஒரே ஒரு விடைதான். பைத்தான் தெரிந்தவர்கள் இதை இப்படி ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு வடிவங்களையும் இது படிக்கும்:

```python
import re
keys = {'2':'ABC','3':'DEF','4':'GHI','5':'JKL','6':'MNO',
        '7':'PQRS','8':'TUV','9':'WXYZ','0':' '}
msg = "662 2555244408882 2"
print(''.join(keys[m[1]][len(m[0])-1]
              for m in re.finditer(r'(\d)\1*', msg)))
```

`IndexError` வந்தால் பயப்பட வேண்டாம். 2222 மாதிரி நீளம் மிஞ்சிய கொத்து எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

நான்காம் படி: இடைவெளியே இல்லாமல் வந்தால்

```
66225552444088822
```

சோம்பேறி நண்பர்கள் இப்படித்தான் அனுப்புவார்கள். எண் மாறும் இடத்தில் மட்டும் வெட்டினால் 66, 22, 555, 2, 444, 0, 888, 22. படித்துப் பார்த்தால் NBLAI VB. மேலே உள்ள நிரலும் இதையேதான் தரும்.

22 என்பது B-யும் ஆகலாம், AA-வும் ஆகலாம். 555 என்பது L, JK, KJ, JJJ என்று நான்கு வகை. 66 இரண்டு வகை, 444 நான்கு வகை. முதல் சொல்லுக்கு மட்டும் 2 × 2 × 4 × 4, அதாவது 64 வழிகள். 888, 22 சேர்ந்த இரண்டாவது சொல்லுக்கு 8. மொத்தச் செய்திக்கு 512 வழிகள். அத்தனையையும் எழுதிப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது நெடிலுக்கு AA போடுகிறோம் அல்லவா? அதனால் மெய்யெழுத்துகளுக்கு நடுவே B மாட்டிக்கொண்டு நின்றால் முதலில் அதை AA ஆக்கிப் பாருங்கள். NBLAI உடனே NAALAI ஆகிறது, VB உடனே VAA ஆகிறது. மற்ற கொத்துகளைத் தொடவே வேண்டியதில்லை. என் அனுபவத்தில் இடைவெளி இல்லாத தமிழ்ச் செய்திகளில் பாதிச் சிக்கல் இந்த 22-தான்.

மீதியில் பெரும்பங்கு இரட்டை மெய். 3366662 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் பட்டனில் மூன்றுக்கு மேல் எழுத்தில்லை, ஆகவே 6666 கட்டாயம் உடைய வேண்டும்; எங்கே என்பதுதான் கேள்வி. இரண்டாக உடைத்தால் MO, NN, OM. இன்னும் சிறிதாக உடைத்தால் MMN, MNM, NMM, MMMM. 33-ஐ E என்று வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்: EMOA, ENNA, EOMA. எது தமிழ் என்று காதே சொல்லிவிடும்.

இது வேறு முறையாக இருக்குமோ?

ஒரே எண் அடுத்தடுத்து அதிகம் வராமல் 622524 0 822 என்று குட்டையாக வந்தால் அது டி9. அதில் ஓர் எழுத்துக்கு ஒரே அழுத்தல். எந்த எழுத்து என்பதை போனின் அகராதி ஊகித்துக்கொள்ளும். இன்னொரு வகையில் எல்லாம் இரண்டிரண்டு எண்களாக 62 21 21 53 என வரும். முதல் எண் பட்டன், இரண்டாவது எண் அதில் எத்தனையாவது எழுத்து. அந்த இரண்டாவது எண் ஒருபோதும் 4-ஐத் தாண்டாது, அதுதான் அடையாளம்.

இனி உங்கள் முறை. இடைவெளி இல்லாமலே தருகிறேன். 5555-இல் சற்று நின்று யோசியுங்கள்.

```
33664204447778855552
```