ஆங்கில மெயிலைத் திருத்தும் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலக மெயிலுக்கு இலக்கணக் கருவி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, எது அதிகப் பிழை பிடிக்கும் என்பதுதான். நாம் எழுதியது யாருடைய கணினியில் வைத்துத் திருத்தப்படுகிறது என்று பலர் கேட்பதே இல்லை. பெரிய தவறு அதுதான்.

கிராமர்லி போன்றவை நாம் தட்டச்சு செய்வதைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் திருத்துகின்றன. எக்ஸ்டென்ஷன் ஆனில் இருந்தால், நீங்கள் 'அனுப்பு' பட்டனைத் தொடும்வரை அது காத்திருப்பதில்லை. ஒருவருடைய சம்பளத்தை எழுதிவிட்டு, வேண்டாம் என்று அழித்த வரிகூட அதற்குள் வெளியே போயிருக்கலாம். குரோமின் 'மேம்பட்ட' எழுத்துப்பிழை திருத்தமும் இப்படித்தான். அதை ஆன் செய்திருந்தால் படிவங்களில் எழுதுவது கூகுளுக்குப் போகிறது. 'கடவுச்சொல்லைக் காட்டு' என்பதை அழுத்தினால் சில தளங்களில் கடவுச்சொல்லும் சேர்ந்து போகிறது என்று 2022-ல் ஒட்டோ-ஜேஎஸ் நிறுவனம் காட்டியது. சாதாரணத் திருத்தத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் கருவி எந்த வகை என்று அறிய ஒரு வழி உண்டு. மெயில் எழுதும் பெட்டியைத் திறந்து வைத்து, நெட்டைத் துண்டித்துவிட்டு, இலக்கணப் பிழையோடு புதிய வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். அடிக்கோடு வரவில்லை என்றால் அது பெரும்பாலும் சர்வரை நம்பியிருக்கும் கருவி.

ஹார்ப்பர் என்னும் இலக்கணக் கருவி நம் கணினியிலேயே இயங்குகிறது. லாங்குவேஜ்டூலின் திறமூலப் பதிப்பையும் சொந்தக் கணினியில் சர்வராக ஓட்டலாம். வாக்கியத்தையே மாற்றி எழுதித் தரும் வேலையில் இவற்றிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஒலி ஒத்த சொற்களை மாற்றிப் போட்டால் நன்றாகப் பிடிக்க, லாங்குவேஜ்டூலுக்குச் சுமார் 8 ஜிபி தரவைத் தனியாக இறக்க வேண்டும். ஆனாலும் ஊழியர் விவரம், ஒப்பந்தம், விலை பேசும் மெயில்களுக்கு நான் இவற்றையே சொல்வேன். எழுவாயும் வினையும் பொருந்தாதது போன்ற சாதாரணப் பிழைகளுக்கு இவை போதும்.

அடுத்த தவறு, காட்டும் திருத்தத்தை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது. இதைப் பாருங்கள்:

```
The refund is now approved. He have the file.
```

இரண்டாவது வாக்கியத்தின் `have` என்பதை எந்த நல்ல கருவியும் `has` ஆக்கிவிடும். ஆனால் எழுத நினைத்தது `not approved`. விரல் தவறி `now` விழுந்துவிட்டது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லாததால் கருவி பேசாமல் இருக்கும். வாடிக்கையாளரோ பணம் வருகிறது என்று நம்பிவிடுவார். சர்வரில் இயங்கும் விலை உயர்ந்த கருவிக்கும் உங்கள் மனதில் இருந்த சொல் தெரியாது.

'சுருக்கமாக எழுது' என்னும் யோசனைகளிலும் இதே ஆபத்து உண்டு. `should be ready by Monday` என்பது `will be ready by Monday` ஆகிவிட்டால், எதிர்பார்ப்பாகச் சொன்னது வாக்குறுதியாகிவிடும். அதனால் திருத்தம் முடிந்த பிறகு தேதி, தொகை, `not`, `should` இந்த நான்கையும் மட்டுமாவது மூல வரைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.