ஆறு பாட்டிலில் ஒரு வீட்டு பார்

ஆறு பாட்டிலையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் மூன்று போதும்: லண்டன் ட்ரை ஜின், கம்பாரி, ஸ்வீட் வெர்மூத். கம்பாரி என்பது 1860-இல் இத்தாலியில் பிறந்த, சிவப்பு நிறக் கசப்பு மது; வெர்மூத் மூலிகை சேர்த்த ஒயின். இந்த மூன்றும் சேர்ந்தால் நெக்ரோனி என்ற காக்டெய்ல்.

அகலமான கிளாஸில் பெரிய ஐஸ் கட்டிகளை நிரப்புங்கள். மூன்றிலும் தலா 30 மில்லி ஊற்றி, நீளமான ஸ்பூனால் அரை நிமிடம் கலக்குங்கள். ஆரஞ்சுத் துண்டு ஒன்றைப் போட்டால் முடிந்தது. கண்ணளவு வேண்டாம், அளவுக் கிண்ணம் வையுங்கள். குடித்ததும் தொண்டை எரிந்தால் கலக்கியது போதவில்லை; ஐஸிலிருந்து கரையும் தண்ணீரும் இதில் ஒரு பொருள்தான். இன்னொன்று, இந்த ஒரு கிளாஸில் ஏறக்குறைய 60 மில்லி விஸ்கியில் உள்ள அளவு ஆல்கஹால் இருக்கிறது. இனிப்பை நம்பி வேகமாகக் குடிக்காதீர்கள்.

ஜின்னை விட்டுவிட்டு, கிளாஸைச் சோடாவால் நிரப்பினால் அமெரிக்கானோ. சாப்பாட்டுக்கு முன் குடிக்க எனக்கு இதுதான் பிடிக்கும்.

நான்காவது பாட்டில் பர்பன் விஸ்கி. நெக்ரோனியில் ஜின்னுக்குப் பதிலாக இதை 45 மில்லி ஊற்றினால் பூல்வார்டியே. ஐந்தாவது ட்ரை வெர்மூத். 60 மில்லி ஜின்னோடு 10 மில்லி சேர்த்து, ஐஸில் கலக்கி வடிகட்டினால் மார்ட்டினி. பர்பன், கம்பாரி, ட்ரை வெர்மூத் மூன்றும் சம அளவு என்றால் ஓல்டு பால். அதற்கு உண்மையில் ரை விஸ்கிதான் வேண்டும், ஆனால் பர்பனிலும் நன்றாகவே வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவறுவது வெர்மூத்தில்தான். ஜின், விஸ்கி, கம்பாரி எல்லாம் அலமாரியில் பல மாதம் கிடக்கும். வெர்மூத் அப்படி இல்லை, அதன் அடிப்படை ஒயின். திறந்த பிறகு காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும். என் முதல் பாட்டிலை மாதக்கணக்கில் வெளியே வைத்திருந்தேன். ஒவ்வொரு நெக்ரோனியும் மந்தமாக இருந்தது, நான் ஜின்னை மாற்றிக்கொண்டிருந்தேன்! திறந்ததும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். சிறிய பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஒரு வாய் தனியாகக் குடித்துப் பாருங்கள். மூலிகை வாசம் போய் வினிகர் போலப் புளித்தால் கொட்டிவிடலாம்.

ஆறாவது குவாந்த்ரோ, ஆரஞ்சுத் தோல் வாசமுள்ள இனிப்பு மது. இதோடு எலுமிச்சையும் உள்ளே வருகிறது. ஜின் 40, குவாந்த்ரோ 30, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி. ஷேக்கரில் ஐஸோடு, வெளிப்பக்கம் கை கூசும் அளவு சில்லிடும்வரை குலுக்கி வடிகட்டினால் ஒயிட் லேடி. சாறு சேர்ந்தால் குலுக்குங்கள், வெறும் மது மட்டும் என்றால் கலக்குங்கள்.

ரம்மும் டெக்கீலாவும் இந்தப் பட்டியலில் இல்லை, அதனால் டைக்கிரி, மார்கரீட்டா வராது. ஏழாவதாக ஒன்று வாங்குவதென்றால் டெக்கீலா வாங்குங்கள்; குவாந்த்ரோவும் எலுமிச்சையும் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன.