காந்தம் ஒட்டாத பாத்திரமெல்லாம் நல்ல எவர்சில்வரா? உப்புத்தண்ணீர்ச் சோதனை

புறக்கோட்டையில் சட்டி வாங்கும்போது காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்கோ, ஒட்டேல்லை, அசல் சாமான்" என்பார்கள். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சமையலுக்கு உகந்த 304 ரக உருக்கில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 18/8 என்று அடியில் பொறிப்பது இதைத்தான். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகிக் கறளைத் தடுக்கும். நிக்கல் உருக்கைக் காந்தம் இழுக்காதபடி மாற்றும். நிக்கல் விலை கூடியது. அதனால் மலிவான 201 ரகத்தில் அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து, மங்கனீசைச் சேர்க்கிறார்கள். மங்கனீசும் நிக்கலைப்போலக் காந்தம் ஒட்டாதபடி செய்யும். ஆனால் உப்பும் புளியும் பட்டால் 201 சீக்கிரம் அரிக்கும்.

மறுபக்கம், நிக்கலே இல்லாத 430 ரகத்தில் காந்தம் இறுக ஒட்டும்; அதனால் அது போலியாகிவிடாது, கரண்டிகளுக்கு நல்லதுதான். 304 சட்டியிலும் வளைத்து அழுத்திய விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கும். அடியில் பொறித்த இலக்கத்தையும் யாரும் அடித்துவிடலாம். ஆகவே உப்புத்தண்ணீரால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

படி 1. பாத்திரத்தின் வெளி அடியைத் தேசிக்காய்ப் பாதியால் நன்றாகத் தேய்த்து, கழுவி, துடைத்து உலரவிடுங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம். இரும்புச் சுருளால் தேய்த்த பாத்திரத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும். அந்தத் துகள் கறள்பிடித்தால் நல்ல சட்டியும் கெட்டதாகத் தெரியும்.

படி 2. ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரையுங்கள். டிசுத் தாளை நான்காக மடித்து அதில் நனைத்து, கவிழ்த்த அடியில் ஒட்டுங்கள். 24 மணித்தியாலம் ஈரம் காயாமல் அவ்வப்போது தெளியுங்கள்.

படி 3. தாளை எடுத்துக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பரவலான மஞ்சள் கறை தேசிக்காயில் போய்விட்டால் அது மேற்பரப்புக் கறைதான். ஊசி குத்தியதுபோல் கபிலப் புள்ளிகள் வந்து, துடைத்த பிறகும் நகத்தில் சிறு பள்ளமாகத் தட்டுப்பட்டால், அந்த உருக்கு உப்பைத் தாங்காது.

கைபிடி ஒட்டவைத்த இடத்தையும் பாருங்கள். ஒட்டும்போது சூடேறிய இடத்தில் பாதுகாப்புப் படலம் கெட்டுவிடும், இடுக்கில் உப்புத் தங்கும். ஆகவே அங்கே மட்டும் கறள் வந்தால் ரகம் குறைவென்று முடிவெடுக்க வேண்டாம். அது வேலைக் குறையாகவும் இருக்கலாம்.

புள்ளி வராவிட்டால் அது 304 தான் என்று உறுதியில்லை, நன்றாக மெருகிட்ட 201 ஒரு நாள் தாங்கலாம். அந்தச் சந்தேகம் தீர, மின்கலத்தோடு விற்கும் மங்கனீசுச் சோதனைத் துளி உண்டு. 201 இல் சிவக்கும்.

சோதனையில் தோற்ற சட்டியை எறிய வேண்டியதில்லை. அரிசி, மா போட்டு வையுங்கள். புளிக்கறியும் ஊறுகாயும் அதில் இரவு முழுக்கக் கிடக்கவே கூடாது.