மாதவிடாய்க்கு முன் மார்பில் கட்டி: எந்த நாளில் தொட்டுப் பார்க்கிறோம் என்பதில்தான் முதல் தவறு

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கிறேன். தடுப்பூசி நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள், கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்விகளில் இது முக்கியமானது: "சிஸ்டர், தலைக்குக் குளிக்கிற தேதி நெருங்கினா ரெண்டு மாரும் கல்லு மாதிரி ஆயிடுது. தொட்டா கட்டி கட்டியா இருக்கு. புத்துநோயா இருக்குமா?"

பெரும்பாலும் இருக்காது. ஆனால் அந்தப் பதிலோடு அவர்களை அனுப்பிவிடுவதும் தவறு. ஏன் என்று சொல்ல ஓர் அக்காவின் கதை உதவும்.

அவருக்கு 41 வயது. கொழுந்து பறிக்கிற வேலை. பத்து வருடமாகவே மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு மார்பு கனத்து வலிக்கும், ரத்தம் பட்டதும் இறங்கிவிடும். பழகிப்போன விஷயம். அந்த முறை இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது என்றார். மாமியார், "மாசாமாசம் வர்றதுதானே, விடு" என்று சொல்லிவிட்டாராம். அவர் என்னிடம் வந்தது 2ஆம் தேதி. மாதவிடாய் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும், முக்கியமாக அக்குளை ஒட்டிய மேல்பகுதியில், மூட்டைக்குள் கொட்டிய பட்டாணியைத் துணிக்கு மேல் தடவியது போல இருந்தது. அதற்குள் தனியாக ஒன்று இருக்கிறதா இல்லையா என்று என் விரலால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களில் யார் தொட்டாலும் இப்படித்தான் இருக்கும். சினைமுட்டை வெளியான பிறகு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்து மார்பைக் கர்ப்பத்துக்குத் தயார் செய்கின்றன. பால் சுரக்கும் சின்னச் சின்ன அறைகளும் குழாய்களும் பருக்கின்றன, நீர் கோக்கிறது. அந்தத் திசு அதிகம் இருப்பது மேல்பக்கம், அக்குளை நோக்கிய கால்பகுதியில். அதனால்தான் கனமும் வலியும் அங்கே கூடுதல். கர்ப்பம் இல்லை என்றானதும் ஹார்மோன் இறங்குகிறது, வீக்கமும் வடிகிறது. இரண்டு பக்கமும் இருப்பது, மாதவிடாய்க்கு முன் ஏறி அது தொடங்கியதும் இறங்குவது, எல்லை தெரியாமல் பரவலாக இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது மாதச் சுழற்சியின் வேலை. ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக வலிப்பதும் உண்டு.

ஆக, வலிக்கிற நாளில் பயந்துபோய்த் தடவிப் பார்ப்பதுதான் முதல் தவறு. அன்று எல்லாமே கட்டி. மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று வைத்து எண்ணுங்கள். 7ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை மார்பு மிக மென்மையாக இருக்கும். அந்த அக்காவுக்கு 4ஆம் தேதி தொடங்கியது. 12ஆம் தேதி, அதாவது 9ஆம் நாள், திரும்ப வரச் சொன்னேன். வந்தார். பட்டாணி மூட்டை கரைந்திருந்தது. வலது பக்கம் வெறும் மென்மை. இடது பக்கம் மேலே, நெல்லிக்காய் அளவில் வழுவழுப்பான ஓர் உருண்டை அப்படியே இருந்தது. விரலை அதைச் சுற்றி ஓட்ட முடிந்தது. 2ஆம் தேதியும் அது அங்கேதான் இருந்திருக்கும், வீக்கத்துக்குள் ஒளிந்திருந்தது.

மாதாமாதம் கட்டியும் வலியுமாகப் பழகிய பெண்களிடம் நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். புதிதாக ஒன்று வந்தாலும் பழையதன் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சுழற்சியால் வருகிற வீக்கம் உள்ளவருக்கு வேறு கட்டி வரக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

எத்தனை மாதம் பார்ப்பது?

மாதவிடாய் முடிந்த பிறகும் மற்ற இடத்திலிருந்து தனித்துத் தெரிகிற ஒரு கட்டி இருந்தால், இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே போய்க் காட்டுங்கள். இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் ஒரு தடிப்பு மட்டும் தெரிகிறது, வயதும் முப்பதுக்குள் என்றால், அடுத்த மாதவிடாய் முடிந்து ஒரே ஒரு முறை பார்க்கலாம். அப்போதும் இருந்தால் காட்டிவிட வேண்டியதுதான். "ரெண்டு மூணு மாசம் பார்ப்போம், தேயிலை சீசன் முடியட்டும்" என்று தள்ளுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

சில அறிகுறிகளுக்குத் தேதி பார்க்கவே கூடாது. தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது, நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, காம்பில் ஆறாத புண் அல்லது சொறி, அக்குளில் கட்டி. இவை எந்த நாளில் தெரிந்தாலும் காட்ட வேண்டும். மாதவிடாய் நின்றுபோனவருக்குப் புதிதாக எந்தக் கட்டி வந்தாலும் இதே கதைதான். அவருக்குச் சுழற்சி இல்லை, அதன் மேல் பழி போட முடியாது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சினைப்பை இருந்தால் ரத்தப்போக்கு வராவிட்டாலும் மார்பு தன் மாதக் கணக்கை விடாது. ஏன் வலிக்கிறது என்று புரியாமல் குழம்புவார்கள். வலி எந்த நாட்களில் வருகிறது என்று காலண்டரில் குறித்து வந்தால், வலி இல்லாத வாரம் எது என்று இரண்டு மாதத்தில் பிடிபட்டுவிடும். அந்த வாரத்தில் பார்த்தால் போதும்.

கிள்ளிப் பார்ப்பது

இரண்டு விரலால் பிடித்துக் கிள்ளினால் எந்த மார்பிலும் கட்டி கிடைக்கும். நடு மூன்று விரல்களின் பட்டையான பகுதியை வைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டமாக, முதலில் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, விலா எலும்பு தட்டுப்படும் வரை அழுத்திப் பாருங்கள். படுத்துக்கொண்டு, அந்தப் பக்கக் கையைத் தலைக்குக் கீழே வைத்தால் மார்பு பரவிக் கொடுக்கும். இந்தக் குளிரில் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு அவசரமாகத் தடவினால் உடம்பு இறுகி ஒன்றும் தெரியாது. வெந்நீரில் குளிக்கும்போது சோப்புக் கையோடு பார்ப்பது நம் ஊருக்குச் சரியாக வரும். மார்பின் அடியில், உள்ளாடைப் பட்டை படுகிற இடத்தில், வரப்பு மாதிரி ஒரு தடிப்பு பலருக்கும் உண்டு. அதைக் கட்டி என்று நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கூடையும் மூட்டையும் சுமப்பவர்களுக்கு, கத்திரி பிடித்து நாள் முழுக்க இலை வெட்டுபவர்களுக்கு, நெஞ்சுத் தசையும் விலா எலும்பு மூட்டும் வலிக்கும். அது மாதவிடாய்க் கணக்குக்கு அடங்காது. பக்கவாட்டில் படுத்து, மார்பு சரிந்த பிறகு விலா எலும்பை அழுத்தினால் அதே வலி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வலி பெரும்பாலும் எலும்பிலோ தசையிலோ இருந்து வருகிறது.

வலியை வைத்து முடிவு செய்வது

"வலிக்குது, அதனால் பெரிய வியாதி" என்று ஒருவர் பயப்படுவார். "வலியே இல்லை, அதனால் ஒன்றுமில்லை" என்று இன்னொருவர் விட்டுவிடுவார். இரண்டாவது தவறுதான் உயிருக்கு ஆபத்து. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதற்காக, வலிக்கிற கட்டி புற்றுநோய் இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் முடியாது. கட்டி தனியாக இருக்கிறதா, மாதவிடாய்க்குப் பிறகும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

தைலம் தேய்ப்பது

நம் மலையில் எந்த வலிக்கும் நீலகிரித் தைலம்தான் முதல் வைத்தியம். மார்பில் வேண்டாம். கலக்காத தைலத்தைத் தேய்த்தால் தோல் எரிந்து சிவக்கும், காம்பைச் சுற்றி உரியும். மருத்துவரிடம் போகும்போது அந்தச் சிவப்பு நோயாலா தைலத்தாலா என்று தெரியாமல் போகும். அழுத்தித் தேய்த்தால் எந்தக் கட்டியும் கரையாது. மாத வலிக்கு, அளவு சரியான, தாங்கிப் பிடிக்கிற உள்ளாடையே பாதி மருந்து. வலி அதிகமுள்ள நாட்களில் தளர்வான ஒன்றை இரவிலும் போட்டுக்கொள்ளலாம். பாராசிட்டமால் போடலாம், டைக்ளோஃபினாக் ஜெல்லும் பலருக்குக் கேட்கும். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போய் மார்பு வலித்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், அதுவரை ஜெல் வேண்டாம்.

சரி, அந்த அக்காவுக்கு வருவோம். அன்றே சீட்டு எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே சொல்ல வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தேன்: கடைசி மாதவிடாய் எந்தத் தேதி, அதற்குப் பிறகும் கட்டி குறையவில்லை, அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா. இந்த மூன்றும் தெரிந்தால் மருத்துவருக்கு வேலை சுலபம்.

தனியாகத் தெரிகிற கட்டிக்குக் கையால் பரிசோதனை, படம், தேவைப்பட்டால் ஊசி குத்தி நீரோ திசுவோ எடுத்துச் சோதிப்பது என்று மூன்று படிகள். இளம்பெண்களுக்கு மார்பு அடர்த்தியாக இருப்பதால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் இவருக்கு மார்பகத்துக்கான எக்ஸ்ரே படமான மேமோகிராமும் சேர்த்து எடுத்தார்கள். மேமோகிராமில் குறிப்பாக ஒன்றும் தெரியவில்லை. "படத்துல ஒண்ணுமில்லையாம், வீட்டுக்குப் போலாமா" என்று எனக்குப் போன் செய்தார். இங்கேதான் பலர் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். கைக்குக் கட்டி தெரிகிறது, படத்தில் தெரியவில்லை என்றால் விசாரணை முடியவில்லை. அடர்த்தியான மார்பில் மேமோகிராம் சிலவற்றைத் தவறவிடும். ஸ்கேன் முடியட்டும் என்று இருக்கச் சொன்னேன். ஸ்கேனில் தண்ணீர் நிறைந்த நீர்க்கட்டி என்று வந்தது. முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வயதுக்குள் இது சகஜம்.

ஊசி என்றதும் பயந்தார். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று லைன் வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படிப் பரவாது. கட்டி எதனால் ஆனது என்று தெரியாமல் கத்தி வைப்பதைவிட ஊசிச் சோதனை நூறு மடங்கு நல்லது. வெறும் நீர்க்கட்டி என்று ஸ்கேன் தெளிவாகச் சொன்னால் ஊசிகூடக் கட்டாயமில்லை. இவருக்கு உறுத்தலாக இருந்ததால் எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வந்தது, உருண்டை அங்கேயே அமுங்கிப்போனது. நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, எடுத்த பிறகும் தடிப்பு மிஞ்சினாலோ திசுவை எடுத்துச் சோதிக்க அனுப்பியிருப்பார்கள்.

நீர்க்கட்டி திரும்ப நிறையலாம் என்பதால் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குக் கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்தார், அதுவும் தானே எண்ணிப் பார்த்து 8ஆம் நாளில். இரண்டு பக்கமும் மென்மையாக இருந்தது. வலி வந்த நாட்களுக்குப் புள்ளியும், ரத்தம் பட்ட நாளுக்கு வட்டமும் போட்ட காலண்டர் தாளை மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார். மருத்துவரிடம் காட்ட அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.