அட்வான்ஸ் விழுங்கிய வாடகை பாக்கி

எங்களுக்கு ஆறு போர்ஷன். மாடியில் குடியிருப்பவர் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் 8,000 வாடகைக்கு 5,000தான் கொடுத்தார். ஆனால் எக்செல் தாளில் பாக்கி −34,000 என்று நின்றது, ஏதோ நான்தான் அவருக்குக் கடன்பட்டவன் மாதிரி! தேடிப் பார்த்தால், ஜூனில் குடிவந்தபோது கொடுத்த அட்வான்ஸ் 40,000-ஐயும் வரவுக் கட்டத்திலேயே போட்டிருக்கிறேன். அது திருப்பித் தரவேண்டிய பணம், வாடகை வரவே இல்லை.

அட்வான்ஸை F-க்கு மாற்றினேன். B முன்பாக்கி, C வாடகை, D வரவு, E பாக்கி:

```
=B2+C2-D2
```

அடுத்த மாதத் தாளின் B2-இல்:

```
=Oct!E2
```

இப்போது சரியாக 6,000 காட்டுகிறது. யாராவது காலி செய்தாலும் அந்த வரிசையை அழிப்பதில்லை. அழித்தால் அடுத்த தாளில் #REF! வந்துவிடும்.