உதவி மையத்தின் தேடல் பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான ஒரு கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையை எடை போட்டு, ஈரத்துக்கான கழிவை எடையிலிருந்து குறைத்து, மாதந்தோறும் பணம் பட்டுவாடா செய்வதற்கானது அது. அதன் உதவி மையத்தில் ஐம்பது கட்டுரைகள் இருக்கின்றன. ஐப்பசி மழையில் இலை நனைந்து வருவதால் கழிவு விழுக்காட்டை உயர்த்த வேண்டிய எழுத்தர், தேடல் பெட்டியில் ‘கழிவு’ என்று எழுதுகிறார். ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. ஆனால் அவருக்கு வேண்டிய கட்டுரை அங்கேதான், ‘டிடக்‌ஷன் மாஸ்டரைத் திருத்துதல்’ என்ற தலைப்பில் இருக்கிறது.

தலைப்பை மென்பொருளின் சொல்லில் வைத்ததே முதல் தவறு. ‘மழைக்காலத்தில் கழிவு விழுக்காட்டை மாற்றுவது எப்படி?’ என்றிருந்தால் எழுத்தருக்கு உடனே விளங்கியிருக்கும். வகைகளுக்கும் இதுவே பொருந்தும்: மாஸ்டர், டிரான்சாக்‌ஷன், ரிப்போர்ட் என்பவை நிரலை எழுதியவர்களின் பிரிவுகள், இலை எடை, கழிவு, முன்பணம், மாதப் பட்டுவாடா என்பவையே தொழிற்சாலையின் பிரிவுகள்.

தலைப்பைத் திருத்தினால் மட்டும் போதாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கட்டுரையின் உள்ளே ‘கழிவை’, ‘கழிவில்’ என்று பல இடங்களில் எழுதியிருந்தும் தேடல் அதைக் கண்டுபிடிக்கவில்லை. முழுச் சொல்லை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு ‘கழிவு’ வேறு, ‘கழிவை’ வேறு. சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும்படி மாற்றினாலும் பயனில்லை. ‘கழிவு’ என்பதன் கடைசி உகரக் குறி ‘கழிவை’யில் இல்லாததால் பொருத்தம் அங்கேயே முறிந்துவிடும். சரி, சொல்லை இன்னும் சுருக்கிக்கொள்ளலாம் என்றால், ‘பணம்’, ‘பணத்தை’ இரண்டையும் பிடிப்பதற்காக வைக்கும் ‘பண’ என்ற தொடக்கம் ‘பணியாளர்’ பற்றிய கட்டுரைகளையும் சேர்த்து இழுத்துவரும். ஐம்பது கட்டுரைகள் கொண்ட மையத்திற்குச் சொல்லின் வேரைப் பிரித்தெடுக்கும் கருவி தேவையில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு கட்டுரைக்கும் வாசகர் கண்ணில் படாத ‘தேடுசொற்கள்’ என்ற புலத்தை வைத்து, கழிவு, கழிவை, ஈரம், தண்ணீர் எடை, kazhivu, kalivu என்று கையாலேயே எழுதிவிடலாம். கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கடைசி இரண்டும் அவசியம்.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாதது. ‘கொழுந்து’ என்பதில் உள்ள ‘கொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் (U+0BCA) வைக்கலாம், இரண்டு குறிகளாகவும் (U+0BC6, U+0BBE) வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்; கணினி அவற்றை வெவ்வேறாகக் கொள்ளும். கட்டுரை ஒரு முறையிலும் தேடல் மறுமுறையிலும் வந்தால் விடை கிடைக்காது. ‘எடை’ கிடைத்து ‘கொழுந்து’ மட்டும் கிடைக்காமல் போனால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். பைத்தானில் import unicodedata என்று தொடக்கத்தில் எழுதிவிட்டால், தீர்வு ஒரே வரி:

```python
s = unicodedata.normalize("NFC", s)
```

இதைத் தேடல் சொல்லுக்கு மட்டும் செய்துவிட்டு, ஏற்கெனவே சேமித்த கட்டுரைகளை அப்படியே விட்டுவிடக் கூடாது. அவற்றையும் மாற்றி, தேடல் அட்டவணையை மீண்டும் உருவாக்க வேண்டும்.

விடை கிடைக்காத தேடல்களை நாள், சொல் ஆகியவற்றுடன் பதிவு செய்யாத மையத்தில் இவை எதுவும் வெளிப்படாது. விடைகள் வந்தும் எதையும் சொடுக்காமல் வெளியேறியவர்களையும் அந்தப் பதிவில் சேர்க்க வேண்டும். தவறான கட்டுரைகளைக் காட்டும் தேடல் ‘விடை கிடைத்தது’ என்ற கணக்கில் ஒளிந்துகொள்ளும்.

தேடல் எவ்வளவு சீரானாலும் சிலருக்கு விடை கிடைக்காது. அவர்களுக்கான தொடர்பு வழியை உள்நுழைவுக்குப் பின்னால் வைப்பது பெரிய தவறு, ஏனெனில் உள்நுழைய முடியாதவரே உதவி கேட்டு வருபவராகவும் இருக்கலாம். விடையில்லாப் பக்கத்திலும் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அது இருக்க வேண்டும். அங்கே திறக்கும் படிவம், அவர் தேடிய சொல்லையும் கடைசியாகப் பார்த்த கட்டுரையையும் மென்பொருளின் பதிப்பையும் தானே நிரப்பிக்கொண்டு, கைபேசி எண்ணையும் சிக்கலின் விவரத்தையும் மட்டும் அவரிடம் கேட்டால் போதும். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், அனுப்புதல் தோற்றாலும் எழுதியது அழியாமல் இருக்க வேண்டும்.

பதில் தரும் நேரத்தையும் வெளிப்படையாக எழுத வேண்டும். தோட்டங்களிலிருந்து இலை வண்டிகள் மாலையில்தான் தொழிற்சாலைக்கு வந்து சேர்கின்றன. எடைக் கணக்கில் சிக்கல் எழுவதும் அப்போதுதான். ஐந்து மணிக்கு மூடிவிடும் உதவிக் குழு, ‘நாளை காலை பதில் வரும், அதுவரை எடையைத் தாளில் குறித்து வையுங்கள்’ என்று அந்தப் படிவத்திலேயே சொல்லிவிட்டால், எழுத்தர் வண்டிகளை நிறுத்திவைத்துக் காத்திருக்க மாட்டார்.