கட்டுரையிலிருந்து வினா: எண்ணைக் கேட்காதீர்கள், சூழலை மாற்றுங்கள்

ஆய்வுக் கட்டுரையின் முடிவை அப்படியே கேட்காமல், கட்டுரையில் இல்லாத ஒரு சூழலில் வைத்துக் கேளுங்கள். நெல் வயலைச் சற்றுக் காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை பற்றிய கட்டுரை என்றால், "எத்தனை செ.மீ. இறங்கியதும் நீர் பாய்ச்ச வேண்டும்?" என்பது வெறும் மனப்பாடம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அம்பாசமுத்திரத்து வயலில் பயிர் பூக்கிறது. நீர்மட்டம் பார்க்க வயலில் பதித்த குழாயில் நீர் மண்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே நிற்கிறது. என்ன செய்யலாம்?"

15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்ச வேண்டும் என்ற கட்டுரையின் எண்ணை மட்டும் நினைவில் வைத்தவர் "இன்னும் 5 செ.மீ. இறங்கட்டும்" என்பார். பூக்கும்போது வயல் காய்ந்தால் மணி பதராகும் என்று புரிந்தவரே "உடனே பாய்ச்சு" என்பார். வினாவோடு தேர்வுக்குத் தரும் தவறான விடைகளை இப்படி அரைகுறைப் புரிதலிலிருந்தே எடுங்கள்; அபத்தமான விடையை யாரும் தொடமாட்டார்கள். கட்டுரை படிக்காதவரும் சரியாகச் சொன்னால் வினாவை மாற்றுங்கள்.

மருந்தளவு போல எண்ணே முக்கியமான இடத்தில் நேரடியாகவே கேளுங்கள்.